அப்பாவின் வைப்புத்தொகை, பீரோவில் கிடைத்த பங்குகள், பெரியம்மாவின் உயில்: எதற்கு எந்தச் சான்று கேட்டார்கள்

என் அப்பா 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். அவர் தம் சம்பாத்தியத்தில் கட்டிய ஒரு வீடும், ஒரு ஸ்கூட்டரும், அம்மாவை நாமினியாகப் போட்டிருந்த ஒரு சேமிப்புக் கணக்கும், வேறொரு வங்கியில் நாமினியே இல்லாமல் போட்டிருந்த 9,60,000 ரூபாய் நிரந்தர வைப்பும் எங்களுக்கு விட்டுச் சென்றவை. பல மாதங்கள் கழித்து, காகிதச் சான்றிதழ்களாகவே இருந்த சில பழைய பங்குகளும் கிடைத்தன. 2022இல் சென்னையில் இருந்த என் பெரியம்மா, தம் அடுக்குமாடி வீட்டை அம்மாவுக்கு எழுதி வைத்துவிட்டுக் காலமானார். இந்த இரண்டு மரணங்களுக்குப் பிறகு தாலுகா அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்று மூன்று இடங்களில் மூன்று விதமான ஆவணங்களுக்காக நான் தனியாக அலைந்தேன். தங்கை வெளிநாட்டில் இருந்தாள், அம்மாவுக்கோ இந்தக் காகிதங்களைப் பார்த்தாலே அழுகை வந்தது. எந்தச் சொத்துக்கு எந்தச் சான்று என்று முதல் வாரத்திலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் இதற்கு இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றை இணைத்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தந்த பிறகு தாசில்தார் சான்று தருவார். செலவு மிகக் குறைவு. இந்தச் சான்று பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசுகளா? யாருக்கு எவ்வளவு பங்கு, வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும், அந்த வீடு உண்மையில் இறந்தவருக்குச் சொந்தமானதுதானா என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. எங்கள் வீட்டுப் பட்டாவை வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக மாற்றவும், மின் இணைப்பின் பெயரை மாற்றவும், ஸ்கூட்டரின் பதிவுச் சான்றை அம்மா பெயருக்குக் கொண்டுவரவும் இந்த ஒரு சான்றே போதுமானதாக இருந்தது. குடும்ப ஓய்வூதியத்துக்கும் பணிக்காலப் பலன்களுக்கும் இதைத்தான் கேட்பார்கள். ஸ்கூட்டர் விஷயத்தில் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உரிமையாளர் இறந்ததை முப்பது நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் படிவம் 31ஐக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சான்றில் கவனிக்க வேண்டிய இடம் வாரிசுகளின் பட்டியல். இ-சேவை மையத்தில் இருந்த பையன் எங்கள் குடும்ப அட்டையைப் பார்த்து அம்மா, நான், தங்கை என்று மூன்று பெயர்களைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டான். விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர்தான் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அப்பாவோட அம்மா இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். பாட்டி இருந்தார், சித்தப்பா வீட்டில், சித்தப்பாவின் குடும்ப அட்டையில். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஓர் ஆணுக்கு மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு, தந்தை அந்த வகுப்பில் இல்லை. மகன் இறந்தபோது தாய் உயிரோடு இருந்தாலே அவருக்கும் மனைவி மக்களுக்கு இணையான ஒரு பங்கு உண்டு. பாட்டியின் பெயரை விட்டுவிட்டுச் சான்று வாங்கியிருந்தால், பின்னால் நீதிமன்றத்தில் அது பொய்ச் சான்றாக நின்றிருக்கும். தனிக் குடித்தனம், தனி ரேஷன் அட்டை என்று இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர்தான் அதிகமாக விடுபடுகிறது.

அம்மாவை நாமினியாகப் போட்டிருந்த சேமிப்புக் கணக்கு சில வாரங்களில் முடிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள ஆவணம், வங்கியின் கோரிக்கைப் படிவம், அவ்வளவுதான். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரிமை பெற்றவர், அது அவருக்கே சொந்தமாகிவிடாது. காப்பீட்டுத் தொகை பற்றிய சர்பதி தேவி வழக்கில் 1984இலேயே உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. அந்தக் கணக்கில் இருந்ததிலும் பாட்டிக்குப் பங்கு இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

நிரந்தர வைப்பில்தான் மாட்டிக்கொண்டோம். நாமினி இல்லை. அந்த வங்கி அப்போது ஐந்து லட்சம் வரைதான் வாரிசுச் சான்றிதழையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு பணம் கொடுத்தது. அதற்கு மேல் என்றால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ், அதாவது சக்சஷன் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். நான் தாசில்தார் சான்றை நீட்டியதும் மேலாளர், "இது இல்ல மேடம், கோர்ட் சர்டிபிகேட்" என்று திருப்பிக் கொடுத்தபோது, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்த பிறகுதான் காரணம் விளங்கியது. தாசில்தார் சான்றை நம்பி வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு இன்னொரு வாரிசு வந்து கேட்டால், வங்கிதான் இரண்டாம் முறையும் பதில் சொல்ல வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 381ஆம் பிரிவின்படி, நீதிமன்றச் சான்றை வைத்திருப்பவரிடம் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. அந்தச் சான்று நமக்காக என்பதைவிடப் பணத்தை வைத்திருப்பவருக்காகத்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், யார் எந்தச் சான்றை ஏன் கேட்கிறார் என்பது ஓரளவு தானே பிடிபட்டுவிடும்.

வாரிசுரிமைச் சான்றிதழ் கடன்களுக்கும் பிணையங்களுக்கும் மட்டுமே உரியது. கடன் என்றால் இறந்தவருக்குப் பிறர் தர வேண்டிய பணம். வங்கி வைப்பும் அதில் அடங்கும். பிணையம் என்றால் பங்கு, கடன் பத்திரம் போன்றவை. வீடு, மனை, நிலம் எதற்கும் இந்தச் சான்று கிடையாது. எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் தயாரித்த முதல் மனுவில் வீட்டையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். நீதிமன்ற அலுவலகம் அதைக் குறிப்பிட்டு மனுவை ரிட்டர்ன் செய்தது. திருத்தி மறுபடி தாக்கல் செய்வதற்குள் கொரோனா இரண்டாம் அலை வந்து நீதிமன்றங்கள் முடங்கின. அதற்குள் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாட்டியின் மரணத்தோடு கணக்கே மாறியது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே நிலை பல வீடுகளில் வருகிறது. அப்பா இறந்த நாளில் அவருடைய வாரிசுகள் நான்கு பேர்: அம்மா, நான், தங்கை, பாட்டி. ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 2,40,000 ரூபாய். பாட்டி பணத்தைக் கையில் வாங்காமலே இறந்துவிட்டாலும் அவருடைய பங்கு மறைந்துவிடாது. அது பாட்டியின் வாரிசுகளுக்குப் போகும். பாட்டியின் கணவர் முன்பே இறந்துவிட்டதால், அந்த 2,40,000 மூன்று கிளைகளாகப் பிரிகிறது: சித்தப்பாவுக்கு 80,000, அத்தைக்கு 80,000, அப்பாவின் கிளைக்கு 80,000. இந்தக் கடைசிப் பங்கு, முன்னரே இறந்துபோன மகனின் பிள்ளைகள் என்ற முறையில் எனக்கும் தங்கைக்கும் மட்டும் நாற்பதாயிரம் நாற்பதாயிரமாக வரும். மருமகளான அம்மாவுக்கு இதில் எதுவும் கிடையாது. ஆகவே கடைசிக் கணக்கில் அம்மாவுக்கு 2,40,000, எனக்கும் தங்கைக்கும் தலா 2,80,000, சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் தலா 80,000. இது இந்துக் குடும்பங்களுக்கான பங்கு முறை. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு, ஆனால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று கேட்கும் முறை எல்லோருக்கும் இதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான்.

இதன் விளைவாகப் பாட்டிக்கும் தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று. சித்தப்பாவையும் அத்தையையும் மனுவில் சேர்த்தோம். சித்தப்பா, "அண்ணன் காசு எனக்கு எதுக்கும்மா?" என்று சொல்லி ஆட்சேபணை இல்லை என்று உடனே பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அத்தை தம் அம்மாவின் பங்கு தமக்கு வேண்டும் என்றார். அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்து அழுதவர் இப்படிக் கேட்கிறாரே என்று மனம் கொதித்தது. ஆனால் சட்டப்படி அவர் கேட்டது சரி, அந்த எண்பதாயிரத்தைக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்த பிறகே அவரும் கையெழுத்திட்டார். அத்தையைப் போல ஒருவர் நீதிமன்றத்தில் ஆட்சேபித்திருந்தால் எளிய மனு விசாரணை வழக்காக நீண்டிருக்கும்.

மனு இறந்தவர் வழக்கமாக வசித்த இடத்தின் நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும், வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறது என்பது முக்கியமில்லை. இறந்த தேதி, நெருங்கிய உறவினர்களின் பெயரும் முகவரியும், எந்தெந்தத் தொகைக்குச் சான்று கேட்கிறோம் என்ற அட்டவணை ஆகியவை அதில் இருக்க வேண்டும். நீதிமன்றம் உறவினர்களுக்கு அறிவிப்பு அனுப்பும், நாளிதழில் விளம்பரம் செய்யச் சொல்லும். யாரும் எதிர்க்காவிட்டால் மனுதாரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சில கேள்விகள் கேட்டுவிட்டு உத்தரவு வரும். சான்றுக்கான நீதிமன்றக் கட்டணம் அட்டவணையில் காட்டும் மொத்தத் தொகையைப் பொறுத்தது. எங்களுக்கு அந்தக் கட்டணம் போக, வழக்கறிஞர், விளம்பரம், சான்றிட்ட நகல் என்று நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. இதோடு இன்னொரு நஷ்டமும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. வைப்பின் காலம் முடிந்த பிறகு ஒப்பந்த வட்டி நின்றுவிட்டது.

உத்தரவு கையில் வந்து, வங்கியும் பணத்தைக் கொடுத்த பிறகு, அத்தை வீட்டுப் பீரோவில் பாட்டியின் புடவைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை கிடைத்தது. அப்பா 1990களில் வாங்கிய பங்குகளின் சான்றிதழ்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பாட்டியிடம் கொடுத்து வைத்திருக்கிறார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்தத் தாள்களில் இருந்த ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன். மதிப்பு அப்போதைய எளிய நடைமுறை வரம்பைத் தாண்டியதால் வாரிசுரிமைச் சான்று கேட்டார்கள். எங்களிடம் இருந்த சான்றில் வைப்புத்தொகை மட்டுமே இருந்தது. நல்லவேளையாகப் புதிய மனு தேவைப்படவில்லை. ஏற்கெனவே கொடுத்த சான்றை, அதில் இல்லாத கடனுக்கோ பிணையத்துக்கோ நீட்டித்துத் தர 376ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் நீட்டிக்கும் தொகைக்கும் கட்டணம் உண்டு, மறுபடி காத்திருப்பும் உண்டு.

நீட்டிப்பு மனு எழுதும்போது கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலாவது, கையில் இருக்கும் சான்றிதழ்களில் உள்ள பங்கு எண்ணிக்கையை அப்படியே அட்டவணையில் எழுதக் கூடாது. தாளில் இருந்ததைவிடப் பதிவாளரின் ஏட்டில் கூடுதல் பங்குகள் இருந்தன, காரணம் இடையில் வந்த போனஸ் பங்குகள். அவற்றின் சான்றிதழ்கள் எங்கள் கைக்கு வரவே இல்லை. நிறுவனத்தின் பெயரும் இணைப்பு ஒன்றில் மாறியிருந்தது. ஆகவே முதலில் பதிவாளரிடம் இறப்புச் சான்றிதழோடு எழுதி, இன்றைய தேதியில் அந்த ஃபோலியோவில் உள்ள பங்கு எண்ணிக்கை, நிறுவனத்தின் இன்றைய பெயர், கோரப்படாத ஈவுத்தொகை ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு அதை அட்டவணையில் அப்படியே இறக்க வேண்டும். நீதிமன்றச் சான்றில் ஓர் எண் மாறினாலும் பதிவாளர் ஏற்கமாட்டார். இரண்டாவது, 374ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அந்தப் பிணையங்களின் வட்டியையும் ஈவுத்தொகையையும் பெறும் அதிகாரத்தைத் தரலாம், அவற்றை விற்கவும் மாற்றவும் அதிகாரம் தரலாம், இரண்டையும் தரலாம். மனுவில் இரண்டையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

பங்குகளில் இன்னொரு கெடுவும் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாவிட்டால், அந்தப் பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு, அதாவது ஐ.ஈ.பி.எஃப்.க்குப் போய்விடும். அங்கிருந்தும் மீட்கலாம், ஆனால் அது வேறொரு நீண்ட கோரிக்கை. எங்கள் பங்குகள் அந்த எல்லையைத் தொடும் முன் தப்பித்தன. பெயர் மாற்றம் முடிந்ததும் புதிய காகிதச் சான்றிதழ் தரமாட்டார்கள். எங்களுக்கு ஓர் உறுதிக் கடிதம் தந்தார்கள், அதை 120 நாளுக்குள், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை முன்கூட்டியே திறந்து வைப்பது நல்லது.

இன்றைக்கு இதே நிலையில் இருப்பவர்களுக்கு விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நாமினி இல்லாத கணக்குகளிலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லாவிட்டால், வணிக வங்கிகளில் 15 லட்சம் வரையும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையும் நீதிமன்றச் சான்று இல்லாமல் எளிய ஆவணங்களோடு தீர்க்க வேண்டும். இதை 2026 மார்ச் 31க்குள் வங்கிகள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் 9,60,000 இந்த வரம்புக்குள் அடங்கியிருக்கும். பங்குகளுக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2022இல் எளிய நடைமுறைக்கான வரம்பை உயர்த்தியது: காகிதப் பங்கானால் ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம், டீமேட் கணக்கானால் 15 லட்சம். அதற்கு மேலும், நோட்டரி சான்றிட்ட உறுதிமொழியும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மையும் சேர்த்தால் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழை ஏற்க இடம் இருக்கிறது. ஆகவே ஒரு கிளையிலோ பதிவாளர் அலுவலகத்திலோ "கோர்ட் சர்டிபிகேட்" என்று வாய்மொழியாகச் சொன்னால், உடனே வழக்கறிஞரிடம் ஓடாமல், எந்த விதியின்படி, எந்தத் தொகைக்கு மேல் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகும் எல்லா வங்கிகளிலிருந்தும் எல்லா நிறுவனங்களிலிருந்தும் பதில் வரும் வரை மனுவைத் தாக்கல் செய்யாமல் இருந்தால், ஒரே சான்றில் எல்லாமும் அடங்கும்.

வீட்டைப் பொறுத்தவரை பட்டா மாறியது என்பதோடு வேலை முடியவில்லை. பாட்டியின் பங்கு வழியாகச் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் வந்திருந்தது. வைப்புத்தொகைக்குக் கொடுத்தது போல ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் அவர்களுடைய பங்கு போய்விடாது. அசையாச் சொத்தில் உரிமையை விடுவதற்குப் பத்திரம் பதிவாக வேண்டும். அதனால் இருவரும் அம்மா பெயருக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அத்தை இந்த முறை பணம் எதுவும் கேட்கவில்லை.

பெரியம்மாவின் விஷயம் முற்றிலும் வேறு. அவருக்குக் குழந்தைகள் இல்லை, பெரியப்பா முன்பே இறந்துவிட்டார். வீட்டைத் தம் சொந்தச் சம்பளத்தில் வாங்கி, அதைத் தங்கையான என் அம்மாவுக்கு உயில் எழுதி, பதிவும் செய்திருந்தார். பதிவு செய்த உயில்தானே, வாரிசுச் சான்றிதழோடு பெயரை மாற்றிவிடலாம் என்று நினைத்து விசாரித்தபோது, அம்மா பெரியம்மாவின் வாரிசே இல்லை என்று தெரிந்தது. குழந்தையும் கணவரும் இல்லாத ஓர் இந்துப் பெண் உயிலின்றி இறந்தால், அவருடைய சுய சம்பாத்தியம் முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். உடன்பிறந்த தங்கை அந்த வரிசையில் மிகவும் பின்னால் வருகிறார். அம்மாவின் உரிமை உயிலிலிருந்து மட்டுமே வருகிறது, எனவே தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

உயில் உண்மையானதுதானா, இறந்தவர் தெளிந்த மனத்தோடு எழுதியதுதானா என்பதற்கு நீதிமன்றம் இடும் முத்திரைதான் புரோபேட். இந்துக்கள் சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், எங்கே எழுதினாலும் சென்னை எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றிய உயிலுக்கும் அப்போது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213ஆம் பிரிவின்படி இது கட்டாயம். மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் அப்படியே. எங்கள் மாவட்டத்தில் எழுதி, எங்கள் மாவட்டச் சொத்தைப் பற்றியதாக இருந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது. வீட்டை வாங்க வந்தவரின் வழக்கறிஞர் புரோபேட் இல்லாமல் விற்பனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

உயிலில் நிறைவேற்றாளர் என்று யார் பெயரும் இல்லை. புரோபேட்டை நிறைவேற்றாளருக்குத்தான் தருவார்கள். அப்படி ஒருவர் இல்லாதபோது, உயிலை இணைத்த நிர்வாகக் கடிதம், அதாவது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் கேட்டு மனுச் செய்ய வேண்டும், பலன் ஒன்றுதான். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் பெரியம்மாவோடு வேலை பார்த்தவர், வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார். பதிவான உயிலாக இருந்தாலும் குறைந்தது ஒரு சாட்சியாவது, அது எழுதப்பட்ட விதத்தை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே மாதக்கணக்கில் ஆனது.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது நோட்டீஸ். உயில் இல்லாவிட்டால் யாருக்குச் சொத்துப் போகுமோ அவர்கள் எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெரியம்மா விஷயத்தில் அவர்கள் பெரியப்பாவின் தம்பி பிள்ளைகள், நாங்கள் கல்யாணங்களில்கூடப் பார்த்திராதவர்கள். அவர்களில் ஒருவர் கேவியட் போட்டு எதிர்த்தால், மனு டி.ஓ.எஸ். என்ற முழு வழக்காக மாறி, சாட்சி விசாரணை என்று ஆண்டுக்கணக்கில் போகும். அவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதற்கு முன் எத்தனையோ தடவை எண்ணை அழுத்திவிட்டு வைத்திருக்கிறேன். நேரில் போய் உயிலின் நகலையும், கடைசி ஆண்டுகளில் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டது அம்மா என்பதையும் காட்டிய பிறகு அவர்கள் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். இருந்தும் உத்தரவு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. வாங்க வந்தவர் காத்திருக்க முடியாமல் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அந்த 213ஆம் பிரிவை நீக்கிவிட்டது, ஆகவே சென்னை உயில்களுக்கு இருந்த கட்டாயம் இப்போது இல்லை. கட்டாயம் போய்விட்டதே தவிர, உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு போகவில்லை. யாராவது எதிர்த்தால் சாட்சியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், விரும்பினால் புரோபேட்டும் கேட்கலாம். வாங்குபவரின் வழக்கறிஞர்களும் வீட்டுக்கடன் தரும் வங்கிகளும் இன்னும் சில காலம் பழைய பழக்கத்தில் அதைக் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன். எதிர்க்கக்கூடிய உறவினர் இருக்கும் குடும்பங்களில், சாட்சி உயிரோடு இருக்கும்போதே புரோபேட் வாங்கிக்கொள்வதுதான் என் கருத்தில் பாதுகாப்பு. அம்மா இப்போது தம் உயிலை எழுதியிருக்கிறார். நிறைவேற்றாளராக என்னைக் குறிப்பிட்டு, தம்மைவிட வயதில் மிகவும் சிறிய இருவரைச் சாட்சியாகப் போட்டு, அவர்களுடைய நிரந்தர முகவரியையும் உயிலிலேயே எழுதச் சொன்னோம்.